ரீட்மீயின் முதல் திரை: ஒரு கிணற்றுநீர்த் திட்டத்தில் திருத்தியவை

பாலாற்றங்கரைக் கிணறுகளில் எடுத்த நீர் அளவீடுகளை ஒழுங்குபடுத்த ஒரு சிறிய பைதான் திட்டம். காட்பாடி, வேலூர் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும், ஆம்பூர், வாணியம்பாடியில் மீட்டரோடு கிணறு கிணறாகப் போகும் தன்னார்வலர்களும் சேர்ந்து பார்த்துக்கொள்வது. இங்கே அதற்கு `kinaru` என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதன் ரீட்மீ நீளமானதுதான். தப்பும் அதிகம் இல்லை. ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மூன்று கேள்விகளோடு வந்தார்கள். இது எதற்கு? எப்படி ஓட்டுவது? இன்னதையும் செய்யுமா? மூன்றுக்கும் பதில் அந்தக் கோப்புக்குள்ளேயே இருந்தது. நாலைந்து திரை கீழே தள்ளிப் போனால் கிடைக்கும். அவ்வளவு தூரம் யாரும் போகவில்லை.

பழைய தொடக்கம் இப்படி இருந்தது:

```
# kinaru
நீர்த்தரத் தரவுக்கான எளிய, வேகமான,
விரிவாக்கத்தக்க பைதான் கருவித்தொகுப்பு.

## சிறப்பம்சங்கள்
- பல வடிவக் கோப்புகளை ஏற்கும்
- தானியங்கிச் சரிபார்ப்பு
- எளிதில் விரிவாக்கலாம்

## நிறுவுதல்
pip install -r requirements.txt
```

முதல் வரியில் ‘நீர்த்தர’ என்பதை எடுத்துவிட்டு ‘பால் கொள்முதல்’ என்று போட்டுப் பாருங்கள். வாக்கியம் அப்படியே நிற்கும். எளிய, வேகமான, விரிவாக்கத்தக்க ஆகிய மூன்றும் எழுதியவரின் ஆசையைச் சொல்கின்றன. படிப்பவருக்கு அவற்றால் எதுவும் தெரியாது. ‘பல வடிவக் கோப்புகள்’ என்றால் எவை? கையெழுத்துப் பதிவேட்டைப் படம் பிடித்துக் கொடுத்தால் ஏற்குமா? அப்படி நினைத்துப் படங்களோடு வந்தவர்கள் உண்டு. உண்மையில் அது ஏற்பது இரண்டே இரண்டு வடிவங்கள்: சி.எஸ்.வி., எக்செல்.

நோக்க வரி

நோக்கத்தை எழுத ஒரு சுலபமான வழி இருக்கிறது. பெயரடைகளை எல்லாம் விலக்கிவிட்டு, யார் எதை உள்ளே கொடுக்கிறார்கள், வெளியே என்ன வருகிறது, அது யார் கைக்குப் போகிறது என்ற வரிசையில் சொன்னால் போதும். முதலில் எழுதிப் பார்த்தது: “கிணற்று அளவீட்டுக் கோப்புகளை மாதாந்திர அறிக்கையாக்கும்.” பழையதைவிட மேல். ஆனால் அளவீடு என்றால் நீர்மட்டமா, உப்பா என்பது தெரியவில்லை. கோடையில் வேலூர்க்காரர்களிடம் கிணற்று அளவு என்றால் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். அடுத்த வடிவம் இதோ:

“கைமீட்டரில் எடுத்த கிணற்றுநீரின் இ.சி. அல்லது டி.டி.எஸ். அளவுகள் உள்ள சி.எஸ்.வி., எக்செல் கோப்புகளைப் படித்து, பிழையான வரிகளைத் தனியே காட்டி, ஊர்வாரியாக மாதத்துக்கு ஓர் எக்செல் தாள் எழுதும். ஊர்க் கூட்டங்களில் அச்சிட்டுக் கொடுப்பதற்காகச் செய்தது.”

கடைசி வாக்கியத்தை வெட்டிவிடலாம் என்று ஒரு கருத்து எழுந்தது. விட்டுவைத்ததால் பலன் உண்டு. அச்சிட்டுக் கொடுக்கும் தாள் என்று தெரிந்த பிறகு, வண்ண வண்ணமாக நகரும் வரைபடம் போடலாமா என்று யாரும் கேட்பதில்லை. ஏன் எழுத்து பெரிதாக இருக்கிறது, ஏன் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்படி நெடுவரிசைகள் குறைவு என்பதும் தானாக விளங்கிவிடும். வெளியே வருவது யார் கைக்குப் போகிறது என்ற ஒரு தகவல், கோடில் உள்ள பத்து முடிவுகளுக்குக் காரணம் சொல்லிவிடும்.

இ.சி., டி.டி.எஸ். இரண்டையும் ஆளுக்கு ஒரு வரியில் விளக்க வேண்டும். கோடு எழுத வருகிறவருக்கு நீர் தெரியாது. நீர் தெரிந்தவருக்குக் கோடு தெரியாது. நீரில் கரைந்த உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும் அளவு இ.சி.; ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் பொருள்களின் எடை டி.டி.எஸ். இவ்வளவு சொன்னால் போதும். அதற்கு மேல் வேண்டியதைத் தனிக் கோப்பில் வைக்கலாம்.

வரம்புகள் ஏன் நிறுவலுக்கு முன்னே

பெரும்பாலான ரீட்மீக்களில் வரம்புகள் கடைசியில் வரும், அல்லது வரவே வராது. இந்தத் திட்டத்தில் அவற்றை நிறுவும் படிகளுக்கு மேலே ஏற்றினோம். காரணம் எளியது. தனக்கு உதவாத கருவியை ஒருவர் அரைமணி நேரம் செலவழித்து நிறுவிய பிறகு “உதவாது” என்று சொல்வது நியாயமில்லை. பங்களிக்க வருகிறவருக்கு நஷ்டம் இன்னும் அதிகம். ஒரு மாணவர் இரண்டு வார விடுமுறையில் ஒரு வசதியை எழுதி அனுப்புவார். இந்தத் திட்டம் வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டிருக்கும்.

அப்படி வந்து திரும்பிய ஒன்றைச் சொல்லலாம். இ.சி.யை டி.டி.எஸ்.ஸாக மாற்றும் கோடு, சோதனைகளோடு, ஒழுங்காக எழுதப்பட்டு வந்தது. ஏற்க முடியவில்லை. கைமீட்டர்கள் டி.டி.எஸ்.ஸை நேரடியாக அளப்பதில்லை. இ.சி.யை அளந்து, ஓர் எண்ணால் பெருக்கித் திரையில் காட்டுகின்றன. அந்த எண் மீட்டருக்கு மீட்டர் மாறும், பொதுவாக 0.5 முதல் 0.7 வரை. ஒரு கிணற்றின் இ.சி. 2400 மைக்ரோசீமென்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் 1200 என்று காட்டும், இன்னொன்று 1680 என்று காட்டும். தண்ணீர் ஒன்றுதான். எந்தக் கிணற்றுக்கு எந்த எண் பொருந்தும் என்பது அதில் கரைந்துள்ள உப்பின் வகையைப் பொறுத்தது. அதை ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும். ஆகவே `kinaru` இரண்டையும் கலக்காமல் தனித்தனி நெடுவரிசையில் வைக்கிறது, அலகு குறிப்பிடாத வரியை ஒதுக்கிவிடுகிறது. இந்த முடிவு பராமரிப்பவர்களுக்கெல்லாம் தெரியும். ரீட்மீயில் மட்டும் இல்லை. “முன்னாடியே ஒரு வரி எழுதியிருந்தா நான் வேற வேலை எடுத்திருப்பேனே அண்ணா” என்று அந்த மாணவர் கேட்டதற்குச் சொல்ல யாரிடமும் பதில் இல்லை.

இரண்டாவது வரம்பு இதைவிட முக்கியம். “இது தண்ணி குடிக்கலாமா கூடாதான்னு சொல்லுமா?” என்பதுதான் கோடு எழுதாதவர்கள் முதலில் கேட்பது. சொல்லாது. ஏன் சொல்லாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் யாராவது 500-க்குக் கீழே பச்சை, மேலே சிவப்பு என்று வண்ணம் சேர்த்துவிடுவார்கள். அந்த 500 கற்பனை எண் அல்ல. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, 2012 பதிப்பில், டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. ஆனால் தோல் பதனிடும் ஊர்களில் பயம் உப்போடு நிற்பதில்லை. அதே தரத்தில் மொத்தக் குரோமியத்துக்கு எல்லை 0.05 மில்லிகிராம். ஒரு கிணற்றின் டி.டி.எஸ். 450, குரோமியம் 0.5 என்று வைத்துக்கொள்வோம். குரோமியம் எல்லையைப் போல் பத்து மடங்கு. ஆனால் 450-ல் அந்த அரை மில்லிகிராம் மீட்டருக்குத் தெரியவே தெரியாது. இரண்டு சதவீதப் பிழையுள்ள மீட்டரில் 9 மில்லிகிராம் இப்படி அப்படி ஆடுவதே சகஜம். தாளில் பச்சை வண்ணம் விழுந்திருக்கும். ராணிப்பேட்டையிலோ வாணியம்பாடியிலோ அந்தப் பச்சையை நம்பி ஒருவர் குடித்தால், அது கோடின் பிழை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மூன்றாவது வரம்பு வடஆற்காட்டுக்காரர்களுக்கே உரியது. கோப்புகளில் ‘மாவட்டம்’ என்ற நெடுவரிசை இருக்கிறது. ஆனால் அறிக்கை மாவட்டவாரியாக வராது, ஊர்வாரியாகத்தான் வரும். புதிதாக வருகிறவர்கள் இதைக் குறை என்று நினைத்துத் திருத்தப் பார்ப்பார்கள். 2019 நவம்பருக்கு முந்தைய வரிகளில் ‘வேலூர்’ என்று இருந்தால், இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். வாலாஜாவும் அரக்கோணமும் ஆம்பூரும் அன்று வேலூர்தான். பழைய பதிவேடுகளிலிருந்து ஏற்றிய சில வரிகளில் ‘வட ஆற்காடு’ என்றே இருக்கிறது. 1989-க்கு முந்தையது என்றால் திருவண்ணாமலைப் பக்கமும் அதில் அடக்கம். மாவட்டத்தை வைத்துக் கூட்டினால் 2019-க்குப் பிறகு வேலூரில் கிணறுகள் பாதிக்கு மேல் காணாமல் போனதுபோல் தெரியும். கிணறுகள் எங்கும் போகவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. சோதனைகள் எல்லாம் பச்சையாகத்தான் ஓடும். எண்கள்தான் பொய் சொல்லும். கோடைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாத இந்த மாதிரி வரம்பைத்தான் ரீட்மீயின் தலையில் எழுத வேண்டும்.

எழுதும் முறையில் ஒரு கவனம். “தற்போது மாவட்டவாரி அறிக்கை இல்லை” என்று எழுதினால், “சரி, நான் எழுதித் தருகிறேன்” என்று ஒருவர் கிளம்புவார். ‘தற்போது’ என்ற சொல் அழைப்பாகிவிடுகிறது. வேண்டுமென்றே விட்டதையும், இன்னும் நேரம் கிடைக்காமல் விட்டதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். முதலாவதுக்குக் காரணம் ஒரு வாக்கியம். இரண்டாவதுக்கு “யாராவது எடுத்துச் செய்யலாம்” என்ற வெளிப்படையான வரி. `kinaru`வில் எக்செல் கோப்பில் முதல் தாளை மட்டுமே படிக்கும் என்பது இரண்டாம் வகை. அதைச் செய்ய யார் வந்தாலும் சந்தோஷம்தான்.

வரம்புகளை யோசித்து யோசித்து எழுதத் தேவையில்லை. ஏற்காமல் மூடிய கோரிக்கைகளையும், திருப்பி அனுப்பிய மாற்றங்களையும் பின்னோக்கிப் படித்தால் பட்டியல் அங்கேயே கிடக்கும். ஒரே காரணத்தை இரண்டு முறை விளக்கியிருந்தால் அது முதல் திரைக்கு உரியது. ஒரே முறை வந்ததை வேறு கோப்பில் வைக்கலாம். இப்படி வடிகட்டியதில் முதல் திரைக்கு மிஞ்சியவை மேலே சொன்ன மூன்றும் எக்செல் தாளும்தான்.

நிறுவுதல்: முதல் விடை வரும் வரை

நிறுவும் பகுதியின் முடிவு ‘நிறுவியாயிற்று’ என்பதல்ல. புதியவர் தன் கணினியில் ஒரு சரியான விடையைப் பார்த்து, அது சரியானதுதான் என்று தானே தெரிந்துகொள்ளும் இடம்தான் முடிவு. அதற்கு இரண்டு பொருள்கள் ரெப்போவுக்குள் இருக்க வேண்டும்: ஒரு சின்ன மாதிரிக் கோப்பு, அதை ஓட்டினால் திரையில் வர வேண்டிய எழுத்து, அச்சுப் பிசகாமல். மாதிரிக் கோப்பில் 12 வரிகள். ஒன்பதாவது வரியில் அலகு வேண்டுமென்றே காலி. எல்லாம் சரியான மாதிரியைக் கொடுத்தால், சரிபார்ப்பு வேலை செய்கிறதா என்பது புதியவருக்குத் தெரியாமலே போய்விடும்.

பழைய ரீட்மீயில் இருந்த `pip install -r requirements.txt` ஒரு வரிதான். பார்க்கச் சுலபம். ஆனால் உபுண்டு 23.04 முதலான பதிப்புகளிலும் டெபியன் 12-லும் அது `externally-managed-environment` என்று சொல்லி நின்றுவிடும், ஏனென்றால் கணினியின் சொந்தப் பைதானில் வெளியிலிருந்து எதையும் போட அது விடாது. தேடிப் பார்க்கிறவருக்கு முதலில் கிடைக்கும் தீர்வு `--break-system-packages`. பெயரே எச்சரிக்கை, ஆனாலும் அவசரத்தில் அதைத்தான் அடிக்கிறார்கள். எனவே தனிச் சூழல் கட்டாயம் என்று முடிவாயிற்று.

தனிச் சூழல் என்றதும் அதை ‘ஆக்டிவேட்’ செய்யும் வரி வழக்கமாக வரும். அந்த ஒரு வரியில்தான் விண்டோஸ்காரர்கள் பாதிப் பேர் விழுகிறார்கள். பவர்ஷெல்லில் ஸ்கிரிப்ட் ஓட்டும் அனுமதி இயல்பாக அடைத்திருப்பதால் `running scripts is disabled on this system` என்ற சிவப்பு எழுத்து வரும். அனுமதியைத் திறப்பது எப்படி என்று ஒரு பத்தி எழுதலாம். கல்லூரி ஆய்வகக் கணினியில் அதற்கும் உரிமை இருக்காது. அதைவிட ஆக்டிவேட் செய்வதையே தவிர்த்துவிடலாம். சூழலுக்குள் இருக்கும் பைதானை முழுப் பாதையோடு கூப்பிட்டால் வேலை நடந்துவிடும். நாலு எழுத்து கூடுதலாக அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

லினக்ஸுக்கும் மேக்குக்கும்:

```
git clone https://example.org/kinaru.git
cd kinaru
python3 -m venv .venv
.venv/bin/python -m pip install -e .
.venv/bin/python -m kinaru sample/ambur.csv
```

விண்டோஸில் கடைசி மூன்று வரிகள் மட்டும் மாறும்:

```
py -m venv .venv
.venv\Scripts\python -m pip install -e .
.venv\Scripts\python -m kinaru sample/ambur.csv
```

வர வேண்டிய விடை:

```
read 12, skipped 1
  line 9: no unit
wrote out/2021-04.xlsx
```

இந்தச் சில வரிகளுக்குள் எடுத்த முடிவுகள் சிலவற்றைச் சொல்ல வேண்டும். க்ளோன் முகவரி `https` என்று தொடங்குவது. பராமரிப்பவர்கள் தங்கள் கணினியிலிருந்து அப்படியே ஒட்டும்போது `git@` என்று தொடங்கும் முகவரி வந்துவிடும். சாவி பதியாத புதியவருக்கு அது `Permission denied (publickey)` என்று கதவைச் சாத்தும். தனக்கு இந்த ரெப்போவில் அனுமதியே இல்லை என்று நினைத்து அவர் போயே போய்விடுவார். வரிகளின் முன்னால் `$` குறி இல்லை. இருந்தால் மொத்தமாக நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு வரியும் `$: command not found` ஆகும். `<உங்கள்-பெயர்>` மாதிரி கோணக்குறிக்குள் நிரப்பச் சொல்லும் இடமும் இல்லை; டெர்மினலுக்கு அந்தக் குறி கோப்பைத் திறக்கச் சொல்லும் கட்டளை. விண்டோஸில் `python` என்பதற்குப் பதில் `py` போட்டதற்கும் காரணம் உண்டு: பைதான் இல்லாத கணினியில் `python` என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும், பிழை என்ன என்று தெரியாது.

`-e` எழுத்து பயனருக்குத் தேவையில்லை, பங்களிப்பவருக்குத் தேவை. இந்தத் திட்டத்தின் கோடு `src` அடைவுக்குள் இருக்கிறது. `-e` இல்லாமல் நிறுவினால் அதன் நகல் ஒன்று சூழலுக்குள் போய் உட்காரும். புதியவர் `src`-ல் மாற்றம் செய்வார், ஓட்டுவார், எதுவும் மாறாது. மாற்றியதில்தான் தப்பு என்று தேடுவார். ரீட்மீயில் இதற்கு ஒரு வரி: “`-e` போட்டால்தான் நீங்கள் திருத்துவது உடனே ஓடும்.”

விடை ஆங்கிலத்தில் இருப்பது வேண்டுமென்றே செய்தது. பழைய விண்டோஸ் கட்டளைத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாக விழுகிறது. எக்செல் தாளுக்குள் தமிழ்தான்.

நிறுவும் பகுதிக்குக் கீழே “வரக்கூடிய பிழைகள்” என்று ஒரு சின்னப் பகுதி வைப்பது நல்லது, ஆனால் அதில் பிழையின் வாசகம் திரையில் வருகிறபடியே இருக்க வேண்டும். தேடிக் கண்டுபிடிக்க அதுதான் கைப்பிடி. `kinaru`வில் அங்கே இருப்பது ஒன்றே ஒன்று: உபுண்டுவில் `ensurepip is not available` என்று வந்தால் `sudo apt install python3-venv`.

இரண்டாவதாக ஒன்று இருந்தது, அது இப்போது இல்லை. போன வழி தெரிந்துகொள்ளத் தக்கது. விண்டோஸில் சிலருக்கு மட்டும் இப்படி வந்தது:

```
UnicodeDecodeError: 'charmap' codec can't decode
byte 0x8d in position 21: character maps to <undefined>
```

கோப்பின் தலைப்பு வரி `தேதி,ஊர்,கிணறு` என்று தொடங்கும். விண்டோஸில் பைதானின் `open()`, குறியாக்கம் சொல்லாவிட்டால் பெரும்பாலும் `cp1252` என்று எடுத்துக்கொள்ளும். யு.டி.எஃப்.-8-ல் தமிழ்ப் புள்ளி `E0 AF 8D` என்ற மூன்று பைட்டுகள். `cp1252`-ல் `8D`-க்கு எழுத்தே இல்லை. ‘தேதி’யில் புள்ளி கிடையாது, அதனால் தப்பிப் பிழைக்கும்; ‘ஊர்’ என்பதன் கடைசிப் புள்ளியில், சரியாக 21-ஆம் இடத்தில், உடையும். ரீட்மீயில் இதற்கு `PYTHONUTF8=1` என்று வைக்கச் சொல்லி ஒரு பத்தி இருந்தது. அது தேவையே இல்லை. கோடில் ஒரு வரி மாற்றினால் தீர்ந்தது:

```python
open(path, encoding="utf-8-sig", newline="")
```

`-sig` சேர்த்ததற்குக் காரணம், எக்செல் ‘சி.எஸ்.வி. யு.டி.எஃப்.-8’ என்று சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைக்கும். வெறும் `utf-8` என்று படித்தால் அந்தக் குறி ‘தேதி’யோடு ஒட்டிக்கொண்டு, அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை என்று பிழை வரும். `utf-8-sig` குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் படிக்கும். ரீட்மீயில் நீளமாக ஒரு எச்சரிக்கை எழுத நேர்ந்தால் முதலில் கோடைத் திறந்து பார்ப்பது இந்தத் திட்டத்தில் வழக்கமாகிவிட்டது. எச்சரிக்கைகளில் பாதி, திருத்தாத பிழையின் முகவரிதான்.

முதல் திரையிலிருந்து இறங்கியவை

அடைவு மரம், கோடின் உள்ளமைப்புப் படம், பேட்ஜ் வரிசை, நன்றி நவிலல், பதிப்பு வரலாறு ஆகியவை கீழே போயின. பேட்ஜ்களில் சோதனை நிலையைக் காட்டும் ஒன்று மட்டும் தலைப்புக்கு அடியில் நிற்கிறது. மாற்றம் அனுப்பும் முறை `CONTRIBUTING.md` என்ற கோப்புக்குப் போயிற்று. அந்தப் பெயரில் இருந்தால் கிட்ஹப் அதை மாற்றம் அனுப்புகிறவர் கண்ணில் தானே காட்டும். உரிமம் எது என்பது ஒரே வரி, நோக்கத்துக்கு அடியில். தன் கோடு எந்த நிபந்தனையில் போகிறது என்று பங்களிப்பவர் தேடக் கூடாது.

தமிழிலா ஆங்கிலத்திலா என்ற சண்டை நீண்டது. முடிவில் `README.md` தமிழில், `README.en.md` ஆங்கிலத்தில், இரண்டின் முதல் வரியிலும் மற்றதற்கு இணைப்பு. கட்டளைகள் தமிழ்க் கோப்பில் மட்டுமே. ஆங்கிலக் கோப்பு அங்கே சுட்டும். ஒரே கட்டளை இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்று பழசாகும். பழசானது எது என்று கண்டுபிடிக்க யாராவது அதில் விழ வேண்டியிருக்கும்.

சரிபார்ப்பு

எழுதியவர் தன் கணினியில் ஓட்டிப் பார்த்துப் பயனில்லை. தேவையான எல்லாம் அங்கே எப்போதோ நிறுவியிருக்கும். அதே கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்று திறந்து ஓட்டினால் சாவி, அமைப்புகள் போன்றவை வெளிப்படும், ஆனால் கணினி முழுவதற்கும் நிறுவிய பொதிகள் அப்படியே இருக்கும். அதனால் வேறு கணினியே நல்லது.

அதைவிடப் பலன் தந்தது, திட்டத்தைப் பார்த்தே இராத ஒருவரை உட்காரவைத்து, பக்கத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது. திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். கை தானாக நீளும், “அதில்ல தம்பி, கீழே பாரு” என்று வாய் வரும். வந்தால் சோதனை கெட்டது. முதல் நிமிடம் மேல் பகுதியைப் படிக்கவிட்டு, பிறகு திரையை மூடிவிட்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும்: இதற்குள் என்ன போகும், என்ன வரும்? 450 என்று காட்டினால் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? மாவட்டவாரியாக வரைபடம் போட்டு அனுப்பினால் ஏற்பார்களா? இரண்டாம் கேள்விக்கு “குடிக்கலாம், 500-க்குள்ளதானே” என்று பதில் வந்தால் வரம்பு வரி தோற்றுவிட்டது. முதல் வரைவில் அப்படித்தான் வந்தது. “குடிநீர்த் தகுதியைச் சான்றளிக்காது” என்று எழுதியிருந்தோம். அரசு முத்திரை வாசகம் மாதிரி இருந்ததால் கண் தாண்டிப் போயிருக்கிறது. “குரோமியம் இந்த மீட்டருக்குத் தெரியாது. எண் குறைவாக இருந்தாலும் குடிக்கலாம் என்று பொருளில்லை” என்று மாற்றிய பிறகு பதில் சரியாக வந்தது.

பிறகு கட்டளைகளை ஓட்டச் சொல்லி, எங்கே நிற்கிறார், எங்கே வேறு சாளரம் திறந்து தேடுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். தேடப் போன ஒவ்வொரு இடமும் ரீட்மீயில் ஒரு வரி குறைவு, அல்லது ஒரு வரி அதிகம்.

இவ்வளவுக்கும் பிறகு மேல் பகுதி இப்படி நிற்கிறது, நிறுவலுக்கு முன் வரை. ஆங்கிலக் கோப்புக்கான இணைப்பு, பேட்ஜ், இ.சி., டி.டி.எஸ். விளக்க வரிகள் ஆகியவற்றை இங்கே விட்டிருக்கிறோம்:

```
# kinaru
கைமீட்டரில் எடுத்த கிணற்றுநீரின் இ.சி. அல்லது டி.டி.எஸ்.
அளவுகளை (சி.எஸ்.வி., எக்செல்) படித்து, பிழையான வரிகளைக்
காட்டி, ஊர்வாரியாக மாதத்துக்கு ஓர் எக்செல் தாள் எழுதும்.
ஊர்க் கூட்டங்களில் அச்சிட்டுக் கொடுப்பதற்காகச் செய்தது.
உரிமம்: எம்.ஐ.டி. | பைதான் 3.10 முதல்

## செய்யாதவை
- குடிக்கலாமா என்று சொல்லாது. குரோமியம் இந்த மீட்டருக்குத்
  தெரியாது. எண் குறைவாக இருந்தாலும் குடிக்கலாம் என்று
  பொருளில்லை.
- இ.சி.யை டி.டி.எஸ். ஆக்காது. பெருக்கும் எண் மீட்டருக்கு
  மீட்டர் மாறும். அலகு இல்லாத வரி ஒதுக்கப்படும்.
- மாவட்டவாரியாகக் கூட்டாது. 2019 நவம்பருக்கு முந்தைய
  'வேலூர்' இன்றைய மூன்று மாவட்டங்கள்.
- எக்செலில் முதல் தாள் மட்டும் (யாராவது எடுத்துச் செய்யலாம்).
```

இதைக் காப்பாற்றுவது தனி வேலை. நிறுவும் வரிகள் கோடு மாறாமலேயே பழசாகும்; வெளியே பைதான் மாறும், உபுண்டு மாறும். அதனால் அந்த வரிகளையே வாரம் ஒரு முறை வெறும் கணினியில் ஓட்டி, விடையின் மூன்று வரிகளை ஒப்பிடும் தானியங்கி வேலை ஒன்று வைத்திருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு: பொது ரெப்போவில் 60 நாள் எந்தச் செயல்பாடும் இல்லையென்றால் இந்த மாதிரி நேரம் குறித்த வேலைகளைக் கிட்ஹப் நிறுத்திவிடும். தேர்வு மாதங்களில் இங்கே யாரும் எதையும் தொடமாட்டார்கள். விடுமுறை தொடங்கியதும் புதியவர்கள் வரும் முன்பே ஆக்‌ஷன்ஸ் பக்கம் போய் அது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, நின்றிருந்தால் திரும்ப முடுக்கிவிட வேண்டும்.